லிங்கராஜ் தோட்டத்தில் ஜெபசெல்வியின் கேமரா

ஜெபசெல்வியை ஏரலில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் டீச்சர் இல்லை. நாசரேத் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர். தவளையைப் பாட்டிலில் போட்டு மூடி, மேலே பேர் எழுதி ஒட்டுகிற வேலை. "நான் டீச்சர் இல்ல அண்ணாச்சி" என்று இருபது வருஷமாகத் திருத்திப் பார்த்தார். யார் கேட்டார்கள்? கடைசியில் அவரே விட்டுவிட்டார்.

எனக்கு ஏரல் பஜாரில் எலக்ட்ரிக்கல் கடை. ராமர் என்று பேர். மோட்டார் காயில் கட்டுவேன், ஃபேன் ரிப்பேர் பார்ப்பேன், டார்ச் லைட், பேட்டரி, வயர் எல்லாம் விற்பேன். கோபக்காரன் என்றும் ஒரு பேர் உண்டு. கோபம் வந்தால் வந்ததுதான், அதை நான் மறைப்பதில்லை. டீச்சரிடம் மட்டும் அது செல்லாது. நான் கத்திக்கொண்டிருக்கும்போது அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து நோட்டை எடுத்துத் தேதி எழுதுவார். பிறகு யாரைப் பார்த்துக் கத்துவது?

முதல் தடவை எங்களுக்குள் தகராறு வந்ததே அந்தக் கேமராவால்தான். காட்டு மிருகங்களைப் படம் பிடிக்கிற கேமரா. பச்சையும் பழுப்புமாக, சோப்பு டப்பா போல இரண்டு மடங்கு இருக்கும். மரத்தில் கட்டிவிட்டு வந்துவிட வேண்டியதுதான். முன்னால் சூடுள்ள உடம்பு ஏதாவது அசைந்தால் அதுவே விழித்துப் படம் எடுத்துக்கொள்ளும். தாமிரபரணியில் நீர்நாய் வருகிறதா என்று பார்க்க ஆசைப்பட்டு, யாரிடமோ பழசாக வாங்கியிருந்தார். அதற்கு எட்டு பென்சில் பேட்டரி வேண்டும் என்று வந்தார். நான் எட்டு எடுத்துக் கொடுத்தேன். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற சாதா பேட்டரி.

இரண்டாம் நாளே திரும்பி வந்துவிட்டார். "அண்ணாச்சி, பகல்ல நல்லா எடுக்குது. ராத்திரி ஒரு படம்கூட இல்ல."

"என் பேட்டரில என்ன குத்தம்? புதுச் சரக்கு டீச்சர்!"

"குத்தம் சொல்ல வரல. பாத்துத் தாங்க."

மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒன்றரை வோல்ட் காட்டியது. "பாத்தியளா!" என்றேன். டீச்சர் விடவில்லை. "சும்மா வெச்சுப் பாக்காம, பல்பு ஏதாவது மாட்டிப் பாருங்க" என்றார். ஒரு டார்ச் பல்பை மாட்டிப் பார்த்தேன். சர்ரென்று இறங்கிவிட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பகலில் படம் எடுக்கக் கொஞ்சம் கரண்டு போதும். ராத்திரியில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கைப் பளிச்சென்று எரிய வைக்க வேண்டும். அந்த ஒரு நொடியில் நிறைய இழுக்கும். கடிகாரத்துக்குள் ஒரு வருஷம் ஓடுகிற பேட்டரி அந்த ஒரு இழுப்பில் படுத்துவிடுகிறது, கேமராவும் அணைந்துபோகிறது. முப்பது வருஷம் மோட்டார் கட்டுகிற எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது.

அல்கலைன் போட்டுப் பார்த்தோம். வேலை செய்தது. ஆனால் பத்துப் பதினைந்து நாளில் ராத்திரிப் படங்கள் மங்க ஆரம்பித்தன. தூரத்துப் புல் இருட்டுக்குள் போய்விடும். அதற்குப் பிறகு சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி வாங்கினார். அது ஒன்றேகால் வோல்ட்டுக்கும் குறைவுதான். கேமராவில் முதல் நாளே 'பாதி' என்று காட்டும். ஆனால் அந்தப் பாதியிலேயே கடைசிவரை அசையாமல் நின்று விளக்கை எரிய வைக்கும். எட்டுக்கும் ஒன்று இரண்டு என்று நம்பர் எழுதி, எட்டையும் சேர்த்தே ஏற்றி, சேர்த்தே போடுவார். பழசும் புதுசும் கலக்க விடமாட்டார். நானே எடுத்து ஒன்றைத் தொட்டால் முறைப்பார்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் லிங்கராஜ் வந்து மாட்டினான்.

லிங்கராஜுக்குக் கொற்கைக்குப் போகிற வழியில் வாழைத்தோட்டம். மூன்று மாசக் கன்றுகள். ராத்திரியில் ஏதோ வந்து தூரைப் பறித்துக் கிழங்கைத் தின்றுவிட்டுப் போகிறது. பதினோரு கன்று போய்விட்டது. புரட்டாசியில் ஒரு நாள் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, கட்டுக்கம்பி ஒரு சுருள் குடுங்க" என்றான்.

"என்னத்துக்கு?"

"பன்னி வருது. சுத்தி இழுத்து, மோட்டார் ரூம்ல இருந்து கரண்டு குடுத்துட்டேன்னா ஒரே ராத்திரில தீந்துரும்."

எனக்கு வந்ததே கோபம்! "ஏலே, கூறு கெட்டவனே! மனுசன் செத்தா என்னலே செய்வே? ஜெயில்ல போயி வாழை வெப்பியா?"

"எங்க தோட்டத்துக்குள்ள ராத்திரி எந்த மனுசன் வாரான்? காலைல ஆறு மணிக்கு நானே ஆஃப் பண்ணிருவேன். எம் பொண்டாட்டியும் ஒங்கள மாதிரியேதான் அழுதா. நட்டம் ஒங்களுக்கா, எனக்கா?"

டீச்சர் அப்போது ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வில்பிரட் என்று ஒரு தம்பி இருந்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், விடிவதற்குள் தண்ணீர் திருப்பப் போனவன் பக்கத்து வயல்காரன் போட்டிருந்த கரண்டுக் கம்பியில் கால் வைத்துவிட்டான். ஊருக்கே தெரியும். டீச்சர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

"எங்க வில்பிரட் பன்னி இல்ல தம்பி" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. லிங்கராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"வாரது பன்னியா வேற ஏதாவதா, அதையாவது தெரிஞ்சுக்கிடுங்க. காலடித் தடம் இருக்கா?" என்று டீச்சரே கேட்டார்.

"அதான் டீச்சர் ஆச்சரியம். ஒரு தடம் இல்ல. மண்ணு மெழுகுன மாதிரி இருக்கு."

"அப்போ கேமரா வெச்சுப் பாப்போம்."

தசரா முடிந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுப்பதாக லிங்கராஜ் ஒத்துக்கொண்டான். அதற்குள் படம் கிடைக்காவிட்டால் கம்பி. என் கடையில் இல்லை என்றால் தூத்துக்குடியில் கிடைக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனான். கெட்டிக்காரன்தான்.

கேமராவை எங்கே வைப்பது என்பதிலேயே ஒரு வாரம் போனது. டீச்சர் வரப்பு ஓரம் என்றார். லிங்கராஜ், "முழுத் தோட்டமும் தெரியணும்லா" என்று தென்னைமரத்தைக் காட்டினான். தோட்டம் அவனுடையது, சொன்ன இடத்தில் கட்டினார். பெட்டியில் ராத்திரி வீச்சு முப்பது மீட்டர் என்று போட்டிருந்தது. அது விற்கிறவன் கணக்கு. கண்ணுக்குத் தெரியவே தெரியாத விளக்கு உள்ள கேமரா அது. மிருகம் மிரளாது, திருடனும் பார்க்கமாட்டான். ஆனால் அந்த வெளிச்சத்துக்கு வீச்சு குறைவு. பன்னிரண்டு பதினைந்து மீட்டர் தாண்டினால் வெறும் இருட்டு. நாலு நாளில் ஒரேயொரு படத்தில் தூரத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. கண்.

"பன்னி! நான் சொல்லல?" என்று துள்ளினான் லிங்கராஜ்.

"ரெண்டு புள்ளிய வெச்சுப் பன்னின்னா, என் கடைல தொங்குத ரெண்டு பல்பும் பன்னிதாம்லே" என்றேன். டீச்சர் சிரிக்காமல் நோட்டில் எழுதினார்: தூரம் இருபத்திரண்டு மீட்டர், தெரியவில்லை.

அடுத்து வரப்பு ஓரம் ஒரு முளைக்கட்டை அடித்து, முழங்கால் உயரத்தில் கட்டினார். வரப்பிலிருந்து மூன்று மீட்டர், வரப்புக்கு நேர் எதிராக. இப்போது வெளிச்சம் பிரமாதம், ஒவ்வொரு புல்லும் தெரிகிறது. ஆனால் புல் மட்டும்தான் தெரிகிறது! ராத்திரி ஒரு மணிக்குக் காலி வரப்பு. விடியக் காலையிலும் காலி வரப்பு. ஏதோ வந்ததால்தான் கேமரா விழித்திருக்கிறது. வந்தது யார்? லிங்கராஜ் மெதுவாகச் சுடலைமாடன் பேரை எடுத்தான். "சாமி எதுக்குலே ஒன் வாழைக் கிழங்கத் திங்கப்போவுது?" என்று அதட்டினேன்.

டீச்சருக்கு வேறு சந்தேகம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்னையும் தோட்டத்துக்கு வரச் சொன்னார். வரப்பின் மேல் ஓர் அடிக்கு ஒரு கோடு சுண்ணாம்பால் இழுத்து வைத்திருந்தார். "அண்ணாச்சி, இங்கன இருந்து அங்கன வரைக்கும் சாதாரணமா நடங்க."

நடந்தேன். "இன்னொரு தடவ." நடந்தேன். "கொஞ்சம் வேகமா." ஏழு தடவை! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, வாழைத்தோட்டத்தில் அணிவகுப்பு நடத்தினேன். "போலீஸ்ல சேக்கப் போறியளா என்ன?" என்று கத்திவிட்டேன். பிறகு படங்களைக் காட்டினார். மெதுவாக நடந்ததில் என் முதுகு ஓரத்தில் நிற்கிறது. வேகமாக நடந்ததில் வேட்டி நுனி மட்டும். மற்றதெல்லாம் காலி.

"உடம்புச் சூடு தெரிஞ்சதுக்கும் படம் எடுக்கதுக்கும் நடுவுல ஒரு செகண்டு ஆவுது. அதுக்குள்ள நீங்க நாலு கோடு தாண்டிட்டிய" என்றார். நல்ல கேமராவுக்குக் கால் செகண்டுகூட ஆகாதாம். இது பழசு. இதன் மெத்தனத்தை மாற்ற முடியாது, நாம்தான் அதற்குத் தகுந்தபடி வைக்க வேண்டும். குறுக்கே பார்க்காமல், வரப்பின் நீளத்தையே சாய்வாகப் பார்க்கிற மாதிரி திருப்பினார். இனி வருகிறது எதுவானாலும் இரண்டு மூன்று செகண்டு படத்துக்குள்ளேயே நடந்தாக வேண்டும். முழுக்க நேரே வைத்தால் எதிரே வருகிற சூட்டை அது சரியாக உணராது, அதனால் கொஞ்சம் சாய்வு. ஒரு தடவை விழித்தால் மூன்று படம் எடுக்கும்படியும் மாற்றினார். மறுபடி நடக்கச் சொன்னார். மூன்று படத்திலும் நான் முழுசாக இருந்தேன், தொப்பையோடு.

இனி ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஆறு நாள் கழித்துக் கேமராவின் மெமரி அட்டையை எடுத்துப் பார்த்தால், முதல் ராத்திரி மழை. மழைக்குப் பிறகு ஒரு படமும் இல்லை. காலிப் படம்கூட இல்லை! பேட்டரியைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. டீச்சர் முதல் தடவையாக முகம் வாடி நின்றார்.

தோட்டத்துக்குப் போய்க் கேமராவைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆயுத பூசை! லிங்கராஜ் மோட்டாருக்கு, மம்பட்டிக்கு, மருந்தடிக்கிற மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்தவன், தோட்டத்துக்காக உழைக்கிற கேமராவை மட்டும் விடுவானா? பக்தியாக மூன்று விரலால் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, பூவும் சுற்றியிருந்தான். லென்ஸைத் தொட்டுவிடக் கூடாது என்று ரொம்பக் கவனமாக, அதற்குக் கீழே இருந்த சின்ன வெள்ளைச் சதுரத்தில் வைத்திருந்தான். அந்தச் சதுரம்தான் சூட்டை உணர்கிற இடம். நல்ல தடிமனாகச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. யானையே வந்து நின்றிருந்தாலும் தெரிந்திருக்காது.

"ஏலே, கண்ணக் கட்டிவிட்டுட்டு காவலுக்கு நிக்கச் சொல்லியிருக்கியேடா!"

"நான் நல்லதுக்குத்தான் அண்ணாச்சி வெச்சேன்..." என்றான். பாவமாகத்தான் இருந்தது. டீச்சர் ஈரத்துணியால் மெல்லத் துடைத்தார். "தம்பி, அடுத்த வருசம் பின்னால வெச்சுக்கிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் அது வெள்ளிக்கிழமை. லிங்கராஜ் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டே ராத்திரி. வாக்கு வாக்குதான் என்று வரப்பு நெடுக முழங்கால் உயரத்துக்குக் குச்சி ஊன்ற ஆரம்பித்துவிட்டான். தூத்துக்குடியிலிருந்து கம்பிச் சுருளும் வந்து மோட்டார் ரூமில் கிடந்தது. நான் எவ்வளவோ ஏசிப் பார்த்தேன். "கோவிக்காதிய அண்ணாச்சி, நேத்தும் ஒரு கன்னு சாஞ்சிருந்துச்சு" என்றான். அன்று டீச்சர் எட்டுப் பேட்டரியையும் புதிதாக ஏற்றி எடுத்து வந்து, ஒவ்வொன்றையும் துடைத்துப் போட்டார். மூடும்போது கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். அவர் ஜெபம் அவருக்கு. நான் சுடலையை நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேரே அட்டையோடு கடைக்கு வந்தார். லிங்கராஜ் ஏற்கெனவே வந்து நின்றான். சாயங்காலம் கம்பி இழுக்க ஆளுக்குச் சொல்லியாயிற்று என்றான். கடைப் பலகையின் மேல் மடிக்கணினியைத் திறந்தார் டீச்சர்.

முதல் படம் ராத்திரி ஒன்று இருபது. வரப்பின் மேல் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, மூக்கைத் தரையில் வைத்தபடி வருகிறது. இரண்டாவது படத்தில் பக்கத்தில். மூன்றாவதில் முள் மட்டும் திரை முழுக்க.

"முள்ளம்பன்றி!" என்று நான் கத்தியதில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நானும் பன்னின்னுதான சொன்னேன்?" என்றான் லிங்கராஜ். சந்தோஷமாகச் சிரித்தான். டீச்சருக்கும் முகம் மலர்ந்தது. "இதுக்குக் கரண்டு எதுக்கு? கீழ தகரம் வெச்சு அடைச்சா வராது. ஏறவும் தெரியாது, தாவவும் தெரியாது."

லிங்கராஜ் கொஞ்ச நேரம் யோசித்தான். "தகரத்துக்கு நான் எங்க போவேன்? கம்பி கெடக்கு, குச்சி ஊனியாச்சு. முள்ளம்பன்றியும் கரண்டுக்குச் சாவும்லா டீச்சர்" என்றான்.

பல்லைக் கடித்துக்கொண்டேன். இத்தனை நாள் அலைந்தது இதற்குத்தானா? ஓங்கி ஓர் அறை விட்டிருப்பேன். டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் விரல் அடுத்த படத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"தம்பி, இத வந்து பாருங்க" என்றார்.

காலை நாலு ஐம்பத்திரண்டு. வரப்பில் ஒரு பொம்பிளை வருகிறாள். கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனாலும் முகம் தெளிவாகத் தெரிந்தது. செருப்பில்லை. கையில் மம்பட்டி. லிங்கராஜின் மனைவி சுடலைச்செல்வி.

"இவ எதுக்கு இந்நேரத்துக்கு..." என்றான் லிங்கராஜ்.

டீச்சர் அடுத்ததைக் காட்டினார். முதல் வரிசைக் கன்று ஒன்று சாய்ந்து கிடக்கிறது. சுடலைச்செல்வி குத்தவைத்து உட்கார்ந்து அதை நிமிர்த்திப் பிடித்து, தூரில் மண்ணை அணைக்கிறாள். அதற்கடுத்ததில் கையால் மண்ணைத் தடவிச் சமப்படுத்திக்கொண்டிருக்கிறாள். தடம் இல்லாமல் மண் மெழுகின மாதிரி இருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. புருஷன் ஆறு மணிக்கு வருவதற்குள் பிழைக்கிற கன்றையெல்லாம் நட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறாள், தினம் தினம். அவன் பார்த்தால் கோபப்படுவான், கம்பி இழுத்துவிடுவான் என்ற பயம். அவன் எண்ணின பதினொன்று அவளால் காப்பாற்ற முடியாத பதினொன்று. நாங்கள் காலி என்று தள்ளின விடியற்காலைப் படங்களும் அவள்தான்.

டீச்சர் கடைசிப் படத்தைத் திறந்தார். ஐந்து இருபது. வேலையை முடித்துவிட்டுத் திரும்புகிறாள். வரப்பைத் தாண்ட ஒரு காலைத் தூக்கியிருக்கிறாள். மழை பெய்த வழுக்கல். விழாமல் இருக்க, லிங்கராஜ் ஊன்றிய குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

லிங்கராஜ் திரைக்கு மிக அருகில் குனிந்தான். சுட்டுவிரலைக் குச்சியில் வைத்து, அங்கிருந்து கிடையாக மெல்ல நகர்த்தினான், கம்பி போகிற வழியில். விரல் அவளுடைய முழங்காலில் போய் நின்றது.

அவன் விரலை எடுத்துக்கொண்டு, சட்டைப் பையில் துழாவிப் போனை எடுத்தான். இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவைதான் கிடைத்தது.

"ஏளா... எங்கன இருக்க?"

"அடுப்படில. ஏன்?" என்று அந்தப் பக்கம் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

"என்னங்க, என்ன ஆச்சு? கம்பி இழுக்க ஆளு வந்துட்டாங்களா?"

"இல்ல. யாரும் வரமாட்டாங்க" என்றான் லிங்கராஜ். "நீ பேசிக்கிட்டே இரு."